தொண்ணூற்றெட்டுக் குழிகளின் கணக்கு

மிளகாய் நாற்று வளர்க்கப் பெரிதும் பயன்படும் குழித்தட்டில் நீளவாக்கில் 14, அகலவாக்கில் 7 என்று மொத்தம் 98 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் மக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, விரல் நுனியால் லேசாக அழுத்தி, ஒரு விதையைப் போட்டு மூடுவார்கள். பிறகு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஈரமும் வெதுவெதுப்பும் வெளியேறாமல் பாலித்தீன் தாளால் மூடிவிடுவார்கள். ஆறேழு நாளில் முளை எட்டிப்பார்க்கத் தொடங்கியதும் அடுக்கைப் பிரித்து, நிழல்வலைக் குடிலுக்குள் பாத்திகளின் மேல் பரப்பி வைப்பார்கள். அன்றைக்கு நாற்றங்கால்காரருக்கும், நாற்றுக்கு முன்பணம் கொடுத்த விவசாயிக்கும், விதை விற்ற கடைக்காரருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எத்தனை சதவீதம் முளைத்திருக்கிறது?

ஒரு தட்டைக் கண்ணால் எண்ணிவிடலாம். பாத்தி முழுக்க இருநூறு தட்டு கிடந்தால் குனிந்து எண்ண யாருக்கும் பொறுமை இருக்காது. "எண்பதுக்குக் குறையாது" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிடுவார்கள். இந்த இடத்தில்தான் கைப்பேசிப் படம் உதவிக்கு வருகிறது. தட்டை நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து, பச்சை தெரிகிற குழி எத்தனை, வெறுங்குழி எத்தனை என்று ஒரு சிறு நிரலைக் கொண்டு எண்ணவைக்கலாம். நிரல் எழுதுவது எளிது. அது தருகிற எண் எதைக் குறிக்கிறது என்பதைப் புரிந்துகொள்வதுதான் கடினம். படத்தில் தெரிவது குழி. நமக்கு வேண்டிய சதவீதமோ விதையைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனிக்காமல் விட்டால் நல்ல விதைக்குக் கெட்ட பெயர் வரும், கெட்ட விதை தப்பித்துக்கொள்ளும்.

முதலில் படம். நிழல்வலை பச்சை நிறமாக இருந்தால் அதன் வழியே விழும் வெளிச்சமும் பச்சையாகத்தான் இருக்கும். பழுப்பு நார்க்கழிவுகூடப் படத்தில் பச்சை பூசியதுபோல் வந்துவிடும். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுத்தால் இது உடனே தெரிந்துவிடும். தாள் வெள்ளையாகத் தெரியாவிட்டால், தட்டைக் குடிலுக்கு வெளியே கட்டட நிழலுக்குக் கொண்டுவந்து எடுப்பதே நல்லது. தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே படம் எடுத்துவிட வேண்டும். நனைந்த இலை வெளிச்சத்தில் மின்னி, படத்தில் வெள்ளைப் புள்ளியாக மாறிவிடும். அந்த நாற்று கணக்கில் வராது. பிளாஷ் போட்டாலும் இதே தொல்லைதான்.

எந்த நாளில் எடுப்பது என்பதும் முக்கியம். மிளகாய் விதை முளைக்கும்போது முதலில் மேலே வருவது இலை அல்ல. வளைந்த கொக்கி போன்ற தண்டுதான் முதலில் வரும். அது வெளுத்திருக்கும், பல சமயம் நுனியில் விதைத்தோலைத் தொப்பிபோல் மாட்டிக்கொண்டிருக்கும். பிறகு தண்டு நிமிர்ந்து, தோல் கழன்று, ஈட்டி முனை வடிவில் இரண்டு வித்திலைகள் விரியும். அடுக்கைப் பிரித்த அன்றே படம் எடுத்தால் பாதி நாற்றுகள் வெளுத்த கொக்கியாகத்தான் இருக்கும். பச்சையைத் தேடுகிற நிரலுக்கு அவை தெரியாது. இருபது நாள் கழித்து எடுத்தாலோ இலைகள் பக்கத்துக் குழிகளின் மேல் சாய்ந்து, காலிக் குழியையும் பச்சையாகக் காட்டும். வித்திலை விரிந்து, இன்னும் ஒன்றையொன்று தொடாத காலமே எண்ணுவதற்கு ஏற்றது. மிளகாய்க்கு விதைத்த பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் இது சில நாள் தள்ளிப்போகும்.

படத்தை எண்ணாக மாற்றும் நிரல் இவ்வளவுதான். பைத்தான் மொழியும், படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி என்ற இலவசத் தொகுப்பும் போதும்.

```python
import cv2
import numpy as np

img = cv2.imread("tray.jpg")
src = np.float32([[212,180],[2890,205],[2875,1560],[198,1530]])
dst = np.float32([[0,0],[1400,0],[1400,700],[0,700]])
M = cv2.getPerspectiveTransform(src, dst)
flat = cv2.warpPerspective(img, M, (1400, 700))

hsv = cv2.cvtColor(flat, cv2.COLOR_BGR2HSV)
mask = cv2.inRange(hsv, (35, 60, 50), (85, 255, 255))

for r in range(7):
    for c in range(14):
        cell = mask[r*100+15:r*100+85, c*100+15:c*100+85]
        print(1 if cv2.countNonZero(cell) > 150 else 0, end=" ")
    print()
```

`src` என்ற வரியில் இருப்பவை, படத்தில் குழிகளின் பரப்பு முடியும் நான்கு மூலைகள். இவற்றை ஒவ்வொரு படத்துக்கும் பார்த்து எழுத வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்து எடுத்த படத்தில் தட்டு கோணலாகத்தான் இருக்கும். அதை நிமிர்த்தி, 1400 புள்ளி நீளமும் 700 புள்ளி அகலமும் கொண்ட நேரான செவ்வகமாக நிரல் மாற்றிவிடுகிறது. இனி ஒவ்வொரு குழியும் 100க்கு 100 புள்ளி கொண்ட கட்டம். அடுத்து, பச்சைச் சாயல் உள்ள புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கறுப்பாக்குகிறது. கட்டத்தின் ஓரங்களில் 15 புள்ளி விட்டு நடுப்பகுதியை மட்டும் பார்ப்பது, பக்கத்துக் குழியின் இலை கொஞ்சம் எட்டிப்பார்த்தாலும் ஏமாறாமல் இருப்பதற்காக. நடுப்பகுதியில் 150க்கு மேல் பச்சைப் புள்ளி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று எழுதுகிறது.

அந்த 150 எங்கிருந்து வந்தது? தட்டின் நீளம் சுமார் 54 சென்டிமீட்டர். அது 1400 புள்ளியாகும்போது ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 26 புள்ளி. ஒரு சென்டிமீட்டர் நீளமும் அதில் பாதிக்கும் குறைவான அகலமும் உள்ள ஒரு வித்திலை இருநூறு புள்ளிக்குக் கிட்ட வரும். இரண்டு இலைக்கு நானூறு. ஒரு இலை மறைந்திருந்தாலும் பிடித்துவிட வேண்டும், சிறு பாசித் திட்டு ஏமாற்றக் கூடாது என்பதால் 150. தக்காளிக்கும் கத்தரிக்கும் இந்த எண் மாறும். சில குழிகளில் எத்தனை பச்சைப் புள்ளி வருகிறது என்று அச்சிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் முறை.

இனி ஒரு தட்டை வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பதினான்காம் நாள் படம். நிரல் 79 ஒன்றுகளையும் 19 பூச்சியங்களையும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 79ஐ 98ஆல் வகுத்தால் 80.6 சதவீதம். பலரும் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். நாம் அச்சிட்ட ஒன்று பூச்சியத்தைக் கையில் வைத்துக்கொண்டு தட்டைக் குழி குழியாகப் பார்க்கிறோம். மூன்று குழிகளில் நாற்றே இல்லை. நார்க்கழிவின் மேல் படர்ந்த பாசிதான் பச்சையாகத் தெரிந்திருக்கிறது. இன்னொன்றில் பக்கத்து நாற்றின் இலை சாய்ந்து கிடக்கிறது. ஆக, நான்கு ஒன்றுகள் பொய். மறுபக்கம், பூச்சியம் என்று குறித்த நான்கு குழிகளில் நாற்று இருக்கிறது: இரண்டில் விதைத்தோல் இன்னும் கழலாத கொக்கி, இரண்டில் வெளிறிய மெல்லிய நாற்று. நான்கைக் கழித்து நான்கைச் சேர்த்தால் மறுபடியும் 79.

எண் சரியாக வந்துவிட்டது. ஆனால் எட்டுக் குழிகளில் நிரல் தவறு செய்திருக்கிறது. மொத்தத்தை மட்டும் கண்ணால் எண்ணியதோடு ஒப்பிட்டிருந்தால், "நிரல் அச்சுப் பிசகாமல் எண்ணுகிறது" என்று நம்பியிருப்போம். அதே நிரலைப் பாசி பிடித்த பழைய தட்டில் ஓட்டும்போது பொய் ஒன்றுகள் மட்டும் கூடிக்கொண்டே போய் முளைப்பு 95 சதவீதம் என்று சொல்லும். அப்போது யாருக்கும் சந்தேகம் வராது. நிரலைச் சோதிக்க மொத்தத்தை ஒப்பிட்டால் போதாது, குழிக்குக் குழி ஒப்பிட வேண்டும். இரண்டு மூன்று தட்டுகளுக்காவது இதைச் செய்யாமல் மற்றத் தட்டுகளின் எண்ணை நம்பக் கூடாது.

சரி, உண்மையாகவே காலியாக இருக்கும் 19 குழிகளில் என்ன நடந்தது? சதவீதத்தின் பொருள் இதில்தான் இருக்கிறது. ஒரு குச்சியால் மெல்லக் கிளறிப் பார்க்கிறோம். இரண்டு குழிகளில் விதையே இல்லை, போடும்போது விட்டுப்போயிருக்கிறது. ஐந்து குழிகளில் முளைத்து வெளியே வந்த நாற்று, மண்மட்டத்தில் தண்டு இளைத்து, சாய்ந்து, நூலாகச் சுருண்டு கிடக்கிறது. இது நாற்றழுகல் நோய். ஈரம் தேங்கினால் வருவது. இன்னும் ஐந்து குழிகள் கடைசி வரிசையில், தட்டின் ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. அவற்றில் விதை போட்டபடியே உலர்ந்து கெட்டியாக இருக்கிறது. பாலித்தீன் தாள் அந்த ஓரத்தை மூடாமல் விட்டு, அங்கே மட்டும் ஈரம் காய்ந்திருக்கிறது. மிச்சம் ஏழு குழிகளில்தான் விதை நைந்து, அழுத்தினால் கூழாகிறது. அவை செத்த விதைகள்.

இப்போது மறுபடியும் வகுத்துப் பார்க்கலாம். போட்ட விதை 98 இல்லை, 96. முளைத்தவை இன்று நிற்கும் 79 மட்டுமல்ல. முளைத்த பிறகு அழுகிய ஐந்தையும் சேர்த்து 84. 84ஐ 96ஆல் வகுத்தால் 87.5 சதவீதம். ஓரத்தில் காய்ந்த ஐந்து விதைக்கு முளைக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதால் அவற்றையும் விட்டுவிட்டால், 91க்கு 84, அதாவது 92 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒரே தட்டு, ஒரே நாள், 80.6, 87.5, 92.3 என்று மூன்று விடைகள். எதுவும் தவறில்லை. முதலாவது, தட்டு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்கிறது. மூன்றாவதுதான் விதையின் தரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. முதல் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விதைக் கடையில் சண்டை போடுவது நியாயம் ஆகாது.

எல்லாத் தட்டையும் இப்படிக் கிளறிக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலையில் ஒரு பகுதியை இன்னொரு படம் செய்துவிடும். பத்தாம் நாள் ஒரு படம், பதினான்காம் நாள் ஒரு படம் எடுத்து இரண்டு அச்சையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முன்பு 1 ஆக இருந்து பின்பு 0 ஆன குழி நாற்று செத்த குழி. முன்பு 0, பின்பு 1 என்றால் தாமதமாக முளைத்தது, அல்லது பாசி. இதற்குத் தட்டின் ஒரு மூலையில் அடையாளம் இட்டு, இரண்டு படத்தையும் ஒரே திசையில் எடுத்திருக்க வேண்டும். திசை மாறினால் எல்லாக் குழியும் இடம் மாறிவிடும்.

பூச்சியங்கள் எங்கே விழுந்திருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கையால் எண்ணி நோட்டில் "79" என்று எழுதியவரிடம் இந்தச் செய்தி இருக்காது. விதைக் குவியலில் செத்த விதைகள் கலந்திருந்தால் காலிக் குழிகள் தட்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விழும். எந்தக் குழியில் எந்த விதை விழும் என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லையே. மாறாகப் பூச்சியங்கள் ஒரு வரிசையாகவோ ஒரு மூலையில் கூட்டமாகவோ இருந்தால் விதையைச் சந்தேகிப்பதற்கு முன் தட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஓர வரிசை என்றால் காய்ச்சல். ஊசி முனையால் விதையை உறிஞ்சிப் போடும் இயந்திரத்தில் ஒரு முனை அடைத்துக்கொண்டால், தட்டுக்குத் தட்டு அதே வரிசை காலியாக இருக்கும். மூலையில் கூட்டமாக இருந்தால் அங்கே தண்ணீர் சொட்டியதா, தட்டு சாய்ந்திருந்ததா என்று பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் குழிக்கு ஒரு விதை போட்ட கணக்கு. விலை கூடிய வீரிய ஒட்டு விதையை அப்படித்தான் போடுவார்கள். சொந்தமாக எடுத்த நாட்டு ரக விதை என்றால் இரண்டிரண்டாகப் போடுகிறவர்களும் உண்டு. "ரெண்டுல ஒண்ணு எப்படியும் வந்துரும்ல" என்பார்கள். அது சரியான பேச்சுதான். ஆனால் அந்தத் தட்டின் படத்தை எண்ணிச் சதவீதம் சொன்னால் பெரிய பிழை வரும்.

98 குழியில் 9 மட்டும் காலி என்று வைத்துக்கொள்வோம். 89 குழி நிறைந்திருக்கிறது; 91 சதவீதம் என்று தோன்றும். ஆனால் குழி காலியாக இருக்க வேண்டுமானால் அதிலுள்ள இரண்டு விதையுமே பொய்த்திருக்க வேண்டும். ஒரு விதை பொய்க்கும் வாய்ப்பு பத்தில் மூன்று என்றால், இரண்டும் சேர்ந்து பொய்க்கும் வாய்ப்பு நூறில் ஒன்பது. நம் தட்டில் காலியாக இருப்பதும் ஏறத்தாழ நூறுக்கு ஒன்பதுதான். ஆக, காலிக் குழிகளின் பங்குக்கு வர்க்கமூலம் எடுத்தால் பொய்த்த விதைகளின் பங்கு கிடைத்துவிடும்: 9/98க்கு வர்க்கமூலம் சுமார் 0.30. விதையின் முளைப்பு 91 சதவீதம் அல்ல, 70 சதவீதம். தட்டைப் பார்த்தே இதைச் சரிபார்க்கலாம். 70 சதவீத விதை என்றால் சுமார் 48 குழியில் இரட்டை நாற்றும், 41 குழியில் ஒற்றை நாற்றும் இருக்க வேண்டும். இரட்டையைக் கலைப்பதற்கு முன் எண்ணினால் இதற்குக் கிட்டத்தில்தான் வரும். வராவிட்டால் காலிக் குழிகள் விதையால் வந்தவையாக இருக்காது. மேலே சொன்ன ஓரக் காய்ச்சலோ அழுகலோ காரணமாக இருக்கும்.

விதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் முளைப்புத்திறனோடு இந்த எண்களை ஒப்பிடலாமா? இந்திய விதைச் சான்றளிப்புத் தரப்படி மிளகாய்க்குக் குறைந்தது 60 சதவீதம், தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதம் இருக்க வேண்டும். அது ஆய்வகத்தில் எடுத்த எண். அங்கே நூறு நூறாக நான்கு தொகுதி, மொத்தம் 400 விதை வைப்பார்கள். வெப்பமும் ஈரமும் கட்டுப்பாட்டில் இருக்கும். மிளகாய்க்கு ஏழாம் நாள் முதல் எண்ணிக்கை, பதினான்காம் நாள் இறுதி எண்ணிக்கை. வேர், தண்டு, வித்திலை ஒழுங்காக உள்ள நாற்று மட்டுமே முளைத்ததாகக் கணக்கில் வரும். முறுக்கிக்கொண்டதும் வேர் இல்லாததும் சேராது. மேலிருந்து எடுத்த படத்துக்கு வேர் தெரியாது, முடமான நாற்றும் அதற்குப் பச்சைதான். அதே சமயம், ஆய்வகத்தில் முளைத்திருக்கக்கூடிய விதை தட்டில் ஆழத்தாலோ ஈரத்தாலோ வெளியே வராமல் போகும். ஒரு பக்கம் கூட்டியும் மறுபக்கம் குறைத்தும் காட்டுவதால், தட்டின் எண்ணை ஆய்வக எண்ணுக்கு மாற்றாகக் கொள்ள முடியாது. குறிப்பாக, தட்டு எண் குறைவாக வந்தால் அது விசாரணையின் தொடக்கம் மட்டுமே.

400 என்ற எண்ணுக்கும் காரணம் இருக்கிறது. உண்மையில் 80 சதவீதம் முளைக்கும் விதையை ஒரு 98 குழித் தட்டில் போட்டால், எல்லாம் சரியாக நடந்தாலும், தற்செயலாலேயே 72க்கும் 88க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் எண் வரலாம். ஒரு தட்டில் 74, இன்னொன்றில் 84 வந்தால் விதை மாறிவிட்டது என்று பொருளில்லை. நான்கு தட்டு, 392 குழி சேர்த்து எண்ணினால் அந்த இடைவெளி பாதியாகி 76க்கும் 84க்கும் இடையில் அடங்கும். ஆகவே ஒரு விதைக் குவியலைப் பற்றிப் பேசக் குறைந்தது நான்கு தட்டுப் படம் வேண்டும். நான்கையும் ஒரே அடுக்கிலிருந்து எடுக்கக் கூடாது. ஒரே பாலித்தீனுக்குள் இருந்த தட்டுகள் ஒரே கேட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கும்.

நான்கு தட்டிலும் காலிக் குழிகள் சிதறிக் கிடந்து, கிளறினால் நைந்த விதைகளே வந்து, எண்ணும் 60க்குக் கீழே போனால் விதையின் மேல் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. அப்போது பொட்டலத்தில் மிச்சம் விதை இருக்க வேண்டும். பத்து கிராம் மிளகாய்ப் பொட்டலத்தில் ஆயிரத்துக்கும் மேல் விதை இருக்கும். முழுவதையும் போடாமல் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தால், குவியல் எண்ணோடு அதை விதைப் பரிசோதனை நிலையத்துக்குப் பணி விதை மாதிரியாக அனுப்பலாம். பொட்டலத்தையும் ரசீதையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டு, தேதியோடு கூடிய படங்களையும் கொண்டு விதை ஆய்வாளரிடம் போனால் பேச ஒரு பிடி இருக்கும். படம் மட்டும் இருந்தால் அவரும் அதே மூன்று விடைகளில்தான் மாட்டிக்கொள்வார்.

எல்லாப் பயிருக்கும் இந்த முறை எடுபடாது. வெங்காய நாற்று ஊசிபோல் நேராக நிற்கும். மேலிருந்து பார்த்தால் சில புள்ளிகள்தான் தெரியும், 150 என்ற வரம்பை அது தொடவே தொடாது. சிவப்புத் தண்டுக்கீரையின் இலை பச்சையைத் தேடும் வடிகட்டியில் நழுவிவிடும்; அதற்கு வேறு நிற வரம்பு வைக்க வேண்டும்.

நாற்றங்கால்காரருக்கு அன்றாடம் பயன்படுவது மூன்று விடைகளில் முதலாவதுதான். ஒருவர் பத்தாயிரம் நாற்று கேட்கிறார் என்றால், தட்டுக்கு 79 என்ற கணக்கில் 127 தட்டு போட வேண்டும். விதை 87.5 சதவீதம் முளைக்கிறது என்று மகிழ்ந்து அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் 117 தட்டு போதும் என்று வரும். நாற்று எடுக்கும் நாளில் எழுநூற்றைம்பதுக்கும் மேல் குறையும். முடமானவற்றைக் கழித்தால் இன்னும் குறையும் என்பதால் 127க்கு மேல் ஐந்தாறு தட்டு கூடுதலாகப் போடுவதுதான் நடைமுறை. கடைக்காரரிடம் பேசும்போது மட்டும் அந்த முதல் எண்ணை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.